ஒரே தாளத்தில் ஓடும் மடிப்பிதழ்

கற்பதன் நோக்கம்: தொடர்களின் நீளத்தையும் முடிவையும் மாற்றி அமைப்பதால் ஒரு விளம்பர மடிப்பிதழின் நடை எவ்வாறு உயிர் பெறுகிறது என்பதை அறிதல்.

1. ஆச்சி கேட்ட கேள்வி

ஜெய்ப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குக் கோடை விடுமுறையில் ஊரிலிருந்து உறவினர் வருவர். அவர்களுள் பலருக்கு இந்தி தெரியாது. சுற்றுலா இடங்களில் நிற்கும் அறிவிப்புப் பலகைகள் அவர்களுக்குப் பயன்படுவதில்லை. எனவே, எட்டாம் வகுப்பு மாணவர் குழு ஒன்று, ஜந்தர் மந்தர் வானாய்வகத்தைப் பற்றித் தமிழில் ஒரு மடிப்பிதழ் எழுதத் தொடங்கியது. அச்சுக்கு அனுப்புவதற்கு முன், குழுவிலிருந்த மாணவி ஒருத்தி அதனைத் தன் ஆச்சிக்குப் படித்துக் காட்டினாள். ஆச்சி திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். மாணவி படித்த பகுதி இது:

"ஜந்தர் மந்தர் ஜெய்ப்பூர் நகரில் அமைந்துள்ளது. இது இரண்டாம் சவாய் ஜெய்சிங்கால் கட்டப்பட்டுள்ளது. இதன் கட்டுமானம் 1734இல் நிறைவு பெற்றுள்ளது. இங்கு 19 வானியல் கருவிகள் உள்ளன. இவற்றுள் சாம்ராட் யந்திரம் பெரியதாக உள்ளது. இதன் உயரம் 27 மீட்டராக உள்ளது. இது கல்லாலான சூரியக் கடிகாரமாக உள்ளது. இதன் நிழல் நகர்வது தெளிவாக உள்ளது. நிழலின் வேகம் நொடிக்கு 1 மில்லிமீட்டராக உள்ளது. இது உலக மரபுச் சின்னமாக உள்ளது."

ஆச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் ஒரே சீராக இருக்கிறதே, ராசாத்தி! இதில் எது பெரிய செய்தி, எது சின்னச் செய்தி என்று எனக்குத் தெரியவில்லையே" என்றார்.

"நிழல் நகர்வது நம் கண்ணுக்கே தெரியும், ஆச்சி. அதுதான் பெரிய செய்தி" என்றாள் மாணவி.

"அப்படியா? அதைப் படித்தாயா என்ன?"

படித்திருந்தாள். எட்டாவது தொடராகவும் ஒன்பதாவது தொடராகவும் படித்திருந்தாள். ஆனால், அது ஆச்சியின் செவியில் விழவில்லை. செய்தியில் பிழை இல்லை. இலக்கணத்திலும் பிழை இல்லை. அவ்வாறாயின், குறை எங்கே இருந்தது?

2. குறையைக் கண்டறியும் வழி

குறையைக் காண மாணவர் குழு ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்தது. முதற்பத்தியில் ஒவ்வொரு தொடரின் முதற்சொல்லும், இரண்டாம் பத்தியில் அத்தொடரிலுள்ள சொற்களின் எண்ணிக்கையும், மூன்றாம் பத்தியில் அதன் இறுதிச்சொல்லும் எழுதப்பட்டன.

இரண்டாம் பத்தியில் 5 என்னும் எண் ஒன்பது முறை வந்தது; ஒரு தொடரில் மட்டும் ஆறு சொற்கள் இருந்தன. மூன்றாம் பத்தியில் பத்துத் தொடர்களும் 'உள்ளது' அல்லது 'உள்ளன' என்றே முடிந்தன. முதற்பத்தியில் எட்டுத் தொடர்கள் 'இது, இதன், இங்கு, இவற்றுள்' என இகரச் சுட்டில் தொடங்கின. ஆச்சியின் காது உணர்ந்ததை அந்தத் தாள் கண்ணுக்குக் காட்டியது.

ஒரே நீளமுள்ள தொடர்கள் அடுத்தடுத்து வரும்போது, ஒவ்வொரு செய்திக்கும் ஒரே எடை கிடைத்துவிடுகிறது. "நகரில் அமைந்துள்ளது" என்னும் எளிய செய்தியும், நிழல் நகர்வதைக் கண்ணால் காணலாம் என்னும் வியப்பும் ஒரே அளவு நேரத்தில், ஒரே ஏற்ற இறக்கத்தில் ஒலிக்கின்றன. கேட்பவரின் மனம் மூன்றாம் தொடரிலேயே அடுத்த தொடரின் ஓசையை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. எதிர்பார்த்த ஓசையே வருவதால், அது பொருளைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது.

தமிழில் இக்குறை எளிதில் நேரக் காரணம் உண்டு. தமிழ்த் தொடரில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்கும். எனவே, ஒரே வினைமுற்றைத் திரும்பத் திரும்ப ஆண்டால், நிறுத்தக்குறி வரும் இடமெல்லாம் ஒரே ஓசை ஒலிக்கும்.

இந்தி பேசும் ஊர்களில் வளரும் மாணவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இந்தியில் "யஹ் பேட் ஹை" என்று சொல்ல வேண்டும்; இறுதியில் வரும் 'ஹை' இல்லாமல் அத்தொடர் நிறைவு பெறாது. தமிழில் "இது மரம்" என்றாலே போதும். பெயரே பயனிலையாக நின்று தொடரை முடித்துவிடும். இவ்வேறுபாட்டை மறந்தவர், இந்தியின் ஒவ்வொரு 'ஹை'க்கும் ஈடாகத் தமிழில் ஓர் 'உள்ளது' சேர்த்துவிடுகின்றனர். "இதன் உயரம் 27 மீட்டராக உள்ளது" என்பது அவ்வாறு பிறந்த தொடரே. "உயரம் 27 மீட்டர்" என்பதே தமிழுக்கு இயல்பு.

3. முதல் திருத்தம்: எல்லாவற்றையும் இணைத்தல்

தொடர்கள் சிறியனவாக இருப்பதே குறை என்று எண்ணிய ஒரு மாணவன், பத்தையும் சேர்த்து ஒன்றாக்கினான்:

"ஜெய்ப்பூர் நகரை நிறுவிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டத் தொடங்கி 1734இல் நிறைவு செய்து 19 வானியல் கருவிகளைக் கொண்டு அவற்றுள் பெரியதாகிய 27 மீட்டர் உயரச் சாம்ராட் யந்திரத்தின் நிழல் நொடிக்கு 1 மில்லிமீட்டர் நகர்வதைக் காட்டி உலக மரபுச் சின்னமாக விளங்குவது ஜந்தர் மந்தர்."

இதில் 34 சொற்கள் உள்ளன. படிப்பவர் மூச்சு வாங்க இடமே இல்லை. அதனினும் பெரிய குறை ஒன்று இதில் மறைந்திருக்கிறது. 'தொடங்கி, செய்து' ஆகிய செயல்களைச் செய்தவர் மன்னர். 'கொண்டு, காட்டி' ஆகியவற்றுக்கு உரியது ஜந்தர் மந்தர். 'செய்து' என்னும் வாய்பாட்டில் அமையும் வினையெச்சங்கள் பெரும்பாலும், முடிக்கும் வினைக்கு உரிய எழுவாயையே தமக்கும் எழுவாயாகக் கொள்ளும். "மாணவி எழுந்து, நடந்து, கதவைத் திறந்தாள்" என்பதில் எழுந்தவளும் நடந்தவளும் திறந்தவளும் ஒருத்தியே. அந்த ஒருமை மேற்கண்ட தொடரில் இல்லை. பாதி வழியில் எழுவாய் மாறிவிட்டது. மன்னர் 19 கருவிகளைக் கையில் கொண்டு நிற்பது போன்ற மயக்கம் படிப்பவருக்கு உண்டாகிறது.

நீண்ட தொடர் ஒன்றைச் சோதிக்க எளிய வழி இதுவே: அதிலுள்ள ஒவ்வொரு வினையெச்சத்தையும் சுட்டி, 'இதைச் செய்தது யார்?' என்று கேட்க வேண்டும். விடை மாறும் இடத்தில் தொடரை முறிக்க வேண்டும்.

இருவேறு எழுவாய்களை ஒரே தொடரில் இணைக்கவும் தமிழில் வழி உண்டு. அதற்குச் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் உதவும். "மணி அடிக்க, மாணவர் எழுந்தனர்" என்பதில் அடித்தது மணி, எழுந்தவர் மாணவர். மயக்கம் ஏதும் இல்லை. இவ்வாய்பாடு பின்னர் மாணவர் குழுவுக்குப் பெரிதும் கைகொடுத்தது.

4. இரண்டாம் திருத்தம்: எல்லாவற்றையும் நறுக்குதல்

மற்றொரு மாணவி நேர்மாறான வழியில் சென்றாள்:

"வாருங்கள்! ஜந்தர் மந்தர்! மன்னர் கட்டியது! 19 கருவிகள்! 27 மீட்டர் உயரம்! நகரும் நிழல்!"

முதற்பார்வைக்கு இது விறுவிறுப்பாகத் தோன்றும். ஆனால், மூன்று பத்திகள் வரைந்து பார்த்தால், எண்ணிக்கை 1, 2, 2, 2, 3, 2 என்று வருகிறது. ஐந்து சொற்களின் ஒரே தாளம் போய், இரண்டு சொற்களின் ஒரே தாளம் வந்துவிட்டது. வியப்புக்குறியும் ஆறு முறை வந்ததால், எந்த இடத்தில் வியக்க வேண்டும் என்பது தெரியாமல் போயிற்று. எந்த நிழல், எதன் மேல் நகர்கிறது என்னும் செய்தியும் தொலைந்தது.

குறுந்தொடருக்குத் தனி ஆற்றல் ஏதும் இல்லை. அதற்கு முன்னர் நீண்ட தொடர் ஒன்று ஓடி வந்திருந்தால்தான், குறுந்தொடர் வந்ததும் காது நிற்கும். நீளமும் குறுக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை.

5. மூன்றாம் திருத்தம்: எடைக்கேற்ற நீளம்

இம்முறை குழு, எழுதுவதற்கு முன்பே ஒரு முடிவு செய்தது. பத்துச் செய்திகளுள் எதை ஆச்சி மறக்கக் கூடாது? நிழல் நகர்வதை. அப்படியானால், அதுவே தொடக்கத்திலும் முடிவுக்கு அருகிலும் குறுந்தொடராக நிற்க வேண்டும். கட்டியவர், ஆண்டு, இடம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அவை ஒரே நீண்ட தொடரில் அடங்கலாம். உயரம் வெறும் எண். அதற்கு மூன்று சொற்கள் போதும்.

நொடிக்கு 1 மில்லிமீட்டர் என்னும் அளவையும் குழு மீண்டும் எண்ணிப் பார்த்தது. ஒரு மில்லிமீட்டரை முதியவர் கண் பிடிக்காது. அறுபது நொடிக்கு அறுபது மில்லிமீட்டர். அதாவது 6 சென்டிமீட்டர். ஆச்சியின் அளவையில் சொன்னால், ஏறத்தாழ மூன்று விரற்கடை.

குழு எழுதிய இரண்டாம் தொடர் முதலில் இவ்வாறு இருந்தது: "ஜெய்ப்பூரை நிறுவிய மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டி, 1734இல் நிறைவு செய்த ஜந்தர் மந்தரில் அதைக் காணலாம்." ஓசை நன்றாக இருந்தது. ஆனால், பழைய செய்திகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது ஒன்று விடுபட்டிருப்பது தெரிந்தது. மன்னர் ஜெய்ப்பூரை நிறுவினார் என்று தொடர் சொல்கிறது. ஜந்தர் மந்தர் ஜெய்ப்பூரில் இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் டில்லியிலும் உஜ்ஜயினியிலும் வாரணாசியிலும்கூட வானாய்வகங்களைக் கட்டியவர். எனவே, இடத்தைத் தெளிவாகச் சொல்வது இன்றியமையாதது. தொடர் திருத்தப்பட்டது. முழுமையான வடிவம் இது:

"நிழல் நகர்வதைக் கண்ணால் கண்டதுண்டா? தாம் நிறுவிய ஜெய்ப்பூர் நகரில் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டி, 1734இல் நிறைவு செய்த ஜந்தர் மந்தரில் அதைக் காணலாம். இங்குள்ள 19 வானியல் கருவிகளுள் பெரியது, சாம்ராட் யந்திரம் என்னும் சூரியக் கடிகாரம். உயரம் 27 மீட்டர். காலையில் கதிரவன் ஏற ஏற, முக்கோணச் சுவரின் நிழல் மேற்குப்புறத்துப் பளிங்கு வளைவில் மெல்ல இறங்கும்; நண்பகலுக்குப் பின் கதிரவன் சாயச் சாய, கிழக்குப்புறத்து வளைவில் அது மேலே ஏறும். வளைவின் அருகில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஏறத்தாழ மூன்று விரற்கடை நகர்ந்திருக்கும் நிழல். உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் 2010ஆம் ஆண்டு இடம்பெற்ற இவ்விடத்தில், கல்லும் நேரம் சொல்லும்."

6. என்ன மாறியது?

சொற்களின் எண்ணிக்கை இப்போது 4, 16, 10, 3, 22, 5, 5, 11 என அமைகிறது. ஆறாம், ஏழாம் தொடர்கள் இரண்டும் ஐந்து சொற்களே. அதனால் தீங்கில்லை. ஒரே எண் இருமுறை வருவது குறையன்று. அது தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதுதான் குறை. மேலும், அவ்விரண்டும் வெவ்வேறு வகையில் முடிகின்றன.

முடிவுகளைக் கவனித்தால், 'உள்ளது' ஓரிடத்திலும் இல்லை. முதல் தொடர் வினாவாக முடிகிறது. மூன்றாம், நான்காம் தொடர்கள் பெயர்ப்பயனிலையில் முடிகின்றன. ஆறாம் தொடர் ஏவலாக நின்று, படிப்பவரை வளைவின் அருகே நிறுத்துகிறது. ஏழாம் தொடரில் எழுவாயாகிய 'நிழல்' இறுதிக்கு வந்திருக்கிறது. "நிழல் ஏறத்தாழ மூன்று விரற்கடை நகர்ந்திருக்கும்" என்பதே வழக்கமான வரிசை. அதை மாற்றியதால், கேட்பவர் காதில் கடைசியாக நிற்கும் சொல் 'நிழல்' ஆகிறது. இம்மாற்றத்தை ஒரு பத்தியில் ஒருமுறை ஆண்டால் போதும். பலமுறை ஆண்டால் செயற்கையாகிவிடும். வினாவுக்கும் இதே அளவு பொருந்தும்.

ஐந்தாம் தொடர் மிக நீண்டது. ஆயினும் அது குழப்பவில்லை. 'ஏற ஏற', 'சாயச் சாய' என்னும் 'செய' வாய்பாட்டு எச்சங்கள் கதிரவனுக்கு உரியவை. 'இறங்கும்', 'ஏறும்' என்னும் முற்றுகள் நிழலுக்கு உரியவை. அரைப்புள்ளி தொடரை இரு பகுதிகளாக்கி, நடுவில் மூச்சு வாங்க இடம் தருகிறது. மேலும், அத்தொடர் சொல்லும் நிகழ்வும் நீண்டது: காலை முதல் மாலை வரை நிழல் ஊர்ந்து செல்லும் பயணம் அது. நிகழ்வின் நீளத்திற்கேற்பத் தொடரும் நீள்கிறது. அதையடுத்து வரும் "ஒரு நிமிடம் நில்லுங்கள்" என்பது திடீரென நிறுத்துவதால்தான், அடுத்த செய்தி கூர்மையாக விழுகிறது.

7. மாற்றக் கூடாத இடங்கள்

மடிப்பிதழின் எல்லாப் பகுதிகளுக்கும் இம்முறை பொருந்தாது. திறக்கும் நேரம், நுழைவுக் கட்டணம், செல்லும் வழி ஆகியவற்றைப் படிப்பவர் ஓசைக்காகப் படிப்பதில்லை. தேடி எடுப்பதற்காகவே படிக்கிறார். அவற்றைப் பட்டியலாக, ஒரே அமைப்பில் தருவதே நன்று. "கருவிகளின் மேல் ஏறக் கூடாது, எழுதக் கூடாது" போன்ற விதிகளும் அவ்வாறே ஒரே முடிவில் அமையலாம். அங்கே ஒரே சீரான ஓசை விதியின் உறுதியைக் காட்டுகிறது.

மாணவி திருத்திய பகுதியை மீண்டும் ஆச்சிக்குப் படித்துக் காட்டினாள். "மூன்று விரற்கடை" என்ற இடத்தில் ஆச்சி தம் மூன்று விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"ஒரு நிமிடத்திலா?" என்று கேட்டார்.

"ஆமாம், ஆச்சி."

"அப்படியென்றால், வெயில் ஏறுவதற்கு முன்னால் நாளைக்கே போய்ப் பார்த்துவிடுவோம், ராசாத்தி."

அருஞ்சொற்பொருள்

மடிப்பிதழ் – மடித்துத் தரப்படும் விளம்பர அல்லது வழிகாட்டித் தாள்
வானாய்வகம் – விண்பொருள்களை அளந்து ஆராயும் இடம்
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
சாளரம் – சன்னல்
பெயர்ப்பயனிலை – தொடரை முடிக்கும் பெயர்ச்சொல்

பயிற்சிகள்

அ. பின்வரும் பகுதிக்கு மூன்று பத்திகள் வரைந்து, முதற்சொல், சொற்களின் எண்ணிக்கை, இறுதிச்சொல் ஆகியவற்றை எழுதுக.

"ஹவா மகால் ஜெய்ப்பூர் நகரில் அமைந்துள்ளது. இது சவாய் பிரதாப் சிங்கால் கட்டப்பட்டுள்ளது. இதன் கட்டுமானம் 1799இல் நிறைவு பெற்றுள்ளது. இது ஐந்து மாடிகளைக் கொண்டுள்ளது. இதில் 953 சிறு சாளரங்கள் உள்ளன. இவற்றின் வழியே காற்று வருவதாக உள்ளது."

ஆ. மேற்கண்ட பகுதியில் படிப்பவர் மறக்கக் கூடாத செய்தி எது? அதைத் தேர்ந்ததற்கான காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.

இ. அப்பகுதியை ஐந்து தொடர்களில் திருத்தி எழுதுக. ஒரு தொடர் மூன்று சொற்களுக்கு மிகாமலும், ஒரு தொடர் பன்னிரண்டு சொற்களுக்குக் குறையாமலும் அமைக. 'உள்ளது', 'உள்ளன' என முடியும் தொடர் ஒன்றுக்கு மேல் வேண்டா.

ஈ. பின்வரும் தொடரில் எழுவாய் மாறும் இடத்தைக் கண்டு, தொடரைத் திருத்துக: "மன்னர் மாளிகையைக் கட்டி, சாளரங்களின் வழியே காற்று வீசி, அரண்மனைப் பெண்கள் தெருவைப் பார்த்தனர்."

உ. திருத்திய பகுதியை வீட்டிலுள்ள ஒருவருக்குப் படித்துக் காட்டுக. அவர் நினைவில் நின்ற செய்தி எது என்று கேட்டு எழுதுக. அது 'ஆ' வினாவுக்கு எழுதிய விடையோடு பொருந்தாவிட்டால், மீண்டும் திருத்துக.